இலைக்குப் பின்னால் மாங்குயில்: கிம்ப்பில் வெட்டியெடுத்த அனுபவம்

எங்கள் ஊர் இயற்கை ஆர்வலர் குழு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பறவை அடையாள அட்டைகள் அச்சிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் பறவை மட்டும், கீழே பெயர். படங்களை வெட்டியெடுக்கும் வேலை என்னுடையது. பல ஆண்டுகளாக கிம்ப் என்ற இலவச மென்பொருளில்தான் இதைச் செய்கிறேன். மீன்கொத்தியும் கரிச்சானும் வெட்டவெளியில் உட்காருவதால் எளிதாக முடிந்துவிடும். மாங்குயில் அப்படியல்ல. அடர்ந்த இலைகளுக்குள்ளேயே திரியும். கிடைக்கும் படங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஓர் இலை குறுக்கே நிற்கும். அதனால் மாங்குயிலை வைத்தே இந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

பறவைக்கு முன்னால் நிற்கும் இலை, பின்னால் நிற்கும் இலையைப் போன்றதல்ல. பத்து மீட்டர் தொலைவில், 400 மி.மீ. லென்ஸில், f/6.3 துளையில் எடுத்தால், சிறிய சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 15 செ.மீ. பறவையைவிட ஒரு முழம் முன்னால் தொங்கும் இலை மங்கிப்போகும். ஆகவே படத்தில் இரண்டு வகை ஓரங்கள் உருவாகின்றன. பறவையின் சொந்த ஓரம் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் கூர்மையாக இருக்கும். இலை பறவையை மறைக்கும் ஓரமோ பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த பட்டையாக இருக்கும். அந்தப் பட்டை முழுமையாகப் பறவையும் அல்ல, முழுமையாக இலையும் அல்ல. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டினால், பறவையின் உடலைச் சுற்றிப் பாசி படிந்ததுபோல் ஒரு விளிம்பு தங்கிவிடும்.

கிம்ப்பில் தானாகத் தேர்வு செய்யும் Foreground Select கருவி இருக்கிறது. நீல வானத்துக்கு எதிரே நிற்கும் பறவைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. மாங்குயில் விஷயத்தில் நான் அதை நம்புவதில்லை. பழுத்த ஆல இலையும் ஆண் மாங்குயிலின் மஞ்சளும் நிறத்தில் அவ்வளவு நெருங்கியவை. கருவி இலையைப் பறவையோடு சேர்த்து அள்ளிக்கொள்கிறது. ஆகவே பறவையின் சொந்த ஓரத்தை Paths கருவியால் கையாலேயே வரைகிறேன். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, வளைவு மாறும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்துக்கொண்டு போனால் ஒரு மாங்குயிலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு Selection from Path அழுத்தி, ஓரத்தை ஒரு பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, லேயர் மாஸ்க்காக மாற்றுகிறேன். அழிப்பானால் எதையும் அழிப்பதில்லை. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். மனம் மாறினால் மறைத்ததை மீட்டுக்கொள்ளலாம். மறைந்த பகுதிகளைப் பற்றிய முடிவு பல முறை மாறக்கூடியது என்பதால் இந்த வேலைக்கு அது மிகவும் தேவை.

பல ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு சிறு ஏற்பாடு. மாஸ்க்கைப் படத்தின் லேயருக்குப் போடாமல், ஒரு லேயர் குழுவை உருவாக்கி அந்தக் குழுவுக்குப் போடுகிறேன். 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து இது முடிகிறது. பிறகு நிரப்பும் துண்டு, நிறத் திருத்தம் என்று எதைச் சேர்த்தாலும் அதே குழுவுக்குள் போட்டுவிட்டால், எல்லாம் ஒரே ஓரத்துக்குள் அடங்கி நிற்கும்.

இனி மறைந்த பகுதி. அண்மையில் செய்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஆலமரக் கிளையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆண் மாங்குயில். ஒரு பெரிய இலை அடிவயிற்றையும் கால்களையும் மறைக்கிறது. மேலே இன்னோர் இலை, கண்ணுக்குப் பின்னால் தொடங்கிப் பிடரியை மூடுகிறது. இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒரே பரப்பு. ஆனால் இரண்டுக்கும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

பிடரியைப் பாருங்கள். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் நம் மாங்குயிலுக்குக் கண்ணின் குறுக்கே ஓடும் கருங்கோடு கண்ணைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் நின்றுவிடும். பிடரி மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் இங்கே வரும் மற்றோர் இனத்தில் அந்தக் கருமை அகலமாகித் தலையைச் சுற்றிப் பிடரியில் ஒன்றுசேரும். மற்றபடி இரண்டும் மஞ்சள் உடலும் கருஞ்சிறகும் இளஞ்சிவப்பு அலகும் கொண்டவை. ஆகவே அந்த இலைக்குப் பின்னால் நான் மஞ்சளைப் பூசினால் ஓர் இனத்தையும், கறுப்பைப் பூசினால் இன்னோர் இனத்தையும் உருவாக்கிவிடுகிறேன். அடையாள அட்டையில் பிள்ளைகள் தேட வேண்டியதே அந்த இடத்தைத்தான். படத்தில் இல்லாத அடையாளத்தை என் தூரிகை தீர்மானிக்கக் கூடாது. இதில் நான் எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடிவயிறு வேறு. ஆண் மாங்குயிலின் அடிவயிறு ஒரே சீரான மஞ்சள். அங்கே இனத்தைப் பிரித்துக்காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அதை நிரப்பலாம். பெண் பறவையாக இருந்தால் இதே அடிவயிறு நிரப்பத் தகாத இடமாகிவிடும்; அங்கே வெளிறிய நிறத்தின்மேல் கரிய கீற்றுகள் ஓடும், ஒவ்வொரு பறவையிலும் அவை ஒவ்வொரு மாதிரி. எங்கே மறைந்திருக்கிறது என்பதோடு, அங்கே என்ன இருந்திருக்கும் என்பதையும் கேட்ட பிறகே நான் கருவியைத் தொடுகிறேன்.

நிரப்புவதற்கு நான் முதலில் தேடுவது அதே தொடரில் எடுத்த அடுத்த படங்களை. கேமரா ஒரே அழுத்தலில் பல படங்கள் எடுக்கிறது. காற்று இலையை நகர்த்திவிடும். இந்தப் பறவைக்கும் அப்படி ஒரு படம் இருந்தது. அதில் பெரிய இலை விலகி அடிவயிற்றின் முக்கால் பங்கு தெரிந்தது. அதைக் குழுவுக்குள் மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை Difference என்று மாற்றினால், பொருந்தும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். தோள்பட்டையும் சிறகின் கீழ் ஓரமும் கறுக்கும் வரை நகர்த்தி, ஒன்றிரண்டு பாகை சுழற்றினால் போதும். தலையை வைத்துப் பொருத்தக் கூடாது. பறவை உடலை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிக்கொண்டே இருக்கும்.

துண்டை ஒட்டும்போது மங்கலான அந்தக் கலப்புப் பட்டை முழுவதையும் மூட வேண்டும். அதாவது நிரப்பும் பரப்பு இலையைவிடச் சுற்றிலும் பத்துப் பிக்சலுக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டும். மீதமிருந்த சிறு இடத்தை Clone கருவியால் நிரப்பினேன். வயிற்று இறகுகள் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்திருக்கும்; மார்பிலிருந்து நகல் எடுக்கும்போது அந்தப் போக்கு மாறாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மாறினால் நிறம் சரியாக இருந்தும் அந்த இடம் தடவிவிட்டதுபோல் தெரியும். Heal கருவி நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு இணக்கிவிடுவதால் வசதியாகத் தோன்றும். ஆனால் கருஞ்சிறகுக்கு அருகில் போனால் கறுப்பை மஞ்சளுக்குள் இழுத்துவிடும். சிறகு ஓரத்தில் Clone மட்டும்தான்.

கால்களை நிரப்பவில்லை. எந்தப் படத்திலும் அவை தெரியவில்லை. விரல்கள் கிளையை எப்படிப் பற்றியிருந்தன என்பதை யாரும் ஊகிக்கத் தேவையில்லை. பெரிய இலையின் கீழ்ப்பாதியை அப்படியே விட்டுவிட்டேன். பிடரியின் இலையும் நின்றது. தொடரின் பிந்தைய படம் ஒன்றில் பறவை தலையைக் குனிந்திருந்தது. பிடரி முழு மஞ்சள் என்பது அதில் ஐயமில்லாமல் தெரிந்தது. இனம் உறுதியானது. ஆனாலும் தலையின் கோணம் வேறு என்பதால் அந்தத் துண்டை இங்கே ஒட்டவில்லை. அட்டையின் மூலையில் அந்தத் தலையைத் தனிச் சிறுபடமாக வைத்தோம்.

இலையை விட்டுவைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பறவையின் உருவக்கோட்டோடு இலையையும் வெட்டிவிட்டால், அது இலையாகத் தெரியாது. பறவையின் உடலில் பச்சைக் கறையாகத் தெரியும். இலை உருவக்கோட்டைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும், முடிந்தால் நுனி வரைக்கும். இலையை முழுதாக நீக்கி ஓட்டையாக விட்டாலோ பறவை சிதைந்துபோய்த் தெரியும். ஆல்பர்ட் பிரெக்மன் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட படம் ஒன்று இதற்கு நல்ல சான்று. சிதறிய எழுத்துத் துண்டுகளை மட்டும் பார்த்தால் படிக்க முடியவில்லை. அவற்றை மறைத்த மைக்கறையையும் சேர்த்துக் காட்டினால் உடனே எழுத்துகள் புலப்படுகின்றன. மறைக்கும் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மிச்சத்தை மனம் தானே நிறைவுசெய்துகொள்கிறது. அந்த வேலையை நான் செய்யத் தேவையில்லை.

விட்டுவைக்கும் இலையின் வெளி ஓரமும் பின்னணியோடு கலந்ததுதான். அங்கே மங்கலான பட்டைக்கு உள்ளே தள்ளி, மென்மையான பெரிய தூரிகையால் மாஸ்க்கில் கறுப்பைத் தடவுகிறேன். இலை சற்றுச் சிறுத்துப்போகும். இலையைச் சிறுக்க விடலாம், பறவையைச் சிறுக்க விடக் கூடாது.

இன்னும் ஒன்று: இலைகளின் ஊடாக வரும் ஒளி பறவையின் மேலும் பச்சையாக விழும். அது ஆண் மாங்குயிலின் மஞ்சளைப் பெண்ணின் பசுமஞ்சளாக மாற்றிக் காட்டும். பச்சை இலைகளுக்குள் கண் அதை உணராது, வெள்ளைத் தாளில் உடனே தெரியும். குழுவுக்குள் ஒரு வெற்று லேயரை LCh Color முறையில் வைத்து, மார்பில் வெயில் விழுந்த இடத்தின் மஞ்சளை எடுத்து, மிக மெல்லிய வலிமையில் தடவுகிறேன். நிழலின் ஆழம் மாறாமல் நிறம் மட்டும் மாறும். வேலையை முடிக்குமுன் பறவைக்குக் கீழே வெள்ளை, கறுப்பு, நடுத்தரச் சாம்பல் என்று மூன்று பின்னணிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். வெள்ளையில் கரிய ஓரமும், கறுப்பில் வெளிறிய ஓரமும், சாம்பலில் பச்சைக் கசிவும் வெளிப்பட்டுவிடும்.

2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்புக்கு மாறிய பிறகு ஒரு நிம்மதி. நிரப்பிய துண்டின் ஒளி அளவைத் திருத்தும் Curves முதலியவை இப்போது லேயரின் மேல் திருத்தக்கூடியவையாகவே தங்குகின்றன. மறுநாள் திறந்தும் மாற்றலாம். முன்பு ஒருமுறை போட்டால் போட்டதுதான். கோப்பை XCF ஆகச் சேமித்து, அச்சுக்கு மட்டும் PNG எடுக்கிறேன். இத்தனை லேயர்களோடு XCF கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி ஆகிவிடும். பழைய கணினி திணறும். நிரப்பிய துண்டுகளைத் தனி லேயராகப் பெயரிட்டு வைத்திருப்பதால், எது கேமரா பார்த்தது, எது நான் சேர்த்தது என்று யார் கேட்டாலும் திறந்து காட்ட முடிகிறது. அட்டையின் பின்புறத்தில் “அடிவயிறு வேறு படத்திலிருந்து சேர்க்கப்பட்டது” என்று ஒரு வரியும் அச்சிடுகிறோம். eBird போன்ற பறவைப் பதிவுத் தளங்களுக்கு இந்தப் படம் போவதில்லை. அங்கே அனுப்புவது இலைகளோடு கூடிய அசல் படம் மட்டுமே.