எண் மாற்றப் படிவம் கொடுத்த பிறகும் பணம் போனது: சிம் தொலைத்தவர்கள் கவனத்திற்கு

சிம் தொலைந்துவிட்டால் வங்கிக்குப் போய் எண் மாற்றப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். படிவம் மேசைக்குப் போவதற்கும், எண் உண்மையில் கணினியில் மாறுவதற்கும் இடையில் சில நாட்கள் கழியலாம் என்பதும், அந்த நாட்களில் கணக்கின் சாவி பழைய சிம்மிடமே இருக்கிறது என்பதும் எங்கள் வீட்டில் பணம் போன பிறகே தெளிவாகப் புரிந்தது. இன்னொருவருக்கு இது நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, பேருந்து நிலையத்தில் என் அம்மாவின் கைப்பேசி களவு போனது. கைப்பேசி உறையின் பின்பக்கத்தில் அவருடைய ஏடிஎம் கார்டும் இருந்தது. அந்த சிம் பல ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் பெயரில் வாங்கியது. அப்பா இப்போது இல்லை. டூப்ளிகேட் சிம் வேண்டுமென்றால் யார் பெயரில் எண் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான ஆவணங்களும் கொடுத்து முதலில் பெயரை மாற்ற வேண்டும். ஆகவே அம்மாவின் பெயரிலேயே புதிய எண் வாங்கி, அதை வங்கியில் பதிவு செய்வதென்று முடிவு செய்தோம்.

முதல் சிக்கல் சிம் கடையிலேயே தொடங்கியது. பழைய எண்ணை முடக்கச் சொன்னபோது, வாரிசு ஆவணங்களைக் கொண்டு வந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்று அங்கிருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். பெயர் மாற்றம் வேறு, முடக்குவது வேறு என்பதை மேலதிகாரியிடம் பேசிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் திங்கள், செவ்வாய் கடந்துவிட்டன. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் டூப்ளிகேட் சிம், பெயர் மாற்றம் என்ற பேச்சையே எடுக்காமல், "எண் களவு போய்விட்டது, சேவையை நிறுத்துங்கள்" என்ற ஒரே கோரிக்கையை வைத்து, அதற்கான புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை வங்கி திறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளைக்குச் சென்றேன். படிவத்தில் வாடிக்கையாளர் எண், பழைய எண், புதிய எண் ஆகியவற்றை நிரப்பி, வங்கிப் பதிவில் உள்ளபடி கையெழுத்திட்டு, ஆதார், பான் நகல்களில் சுயகையொப்பமிட்டு, அசல்களையும் பாஸ்புக்கையும் காட்டினோம். கார்டும் தொலைந்துவிட்டது, அதையும் நிறுத்துங்கள் என்று படிவத்தின் அடியிலேயே எழுதினோம். கவுண்டரில் இருந்தவர் வாங்கி ஒரு கோப்பில் செருகிவிட்டு, "24 மணி நேரத்தில் மாறிடும் மேடம்" என்றார். ஒப்புகைச் சீட்டு கேட்டதற்கு, இதற்கெல்லாம் சீட்டு தரும் வழக்கமில்லை என்றார். வங்கியின் கட்டணமில்லா எண்ணை அழைத்தால், பதிவு செய்த கைப்பேசியிலிருந்து அழைக்குமாறு குரல் சொன்னது. அந்தக் கைப்பேசியே தொலைந்துபோனது என்பதைச் சொல்ல அதில் வழியில்லை.

அன்று மாலை, பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த கிளையின் மின்னஞ்சல் முகவரிக்கு, படிவத்தைப் படம் பிடித்து இணைத்து, சிம்மும் கார்டும் களவு போன விவரத்தை எழுதி அனுப்பினேன். பிறகு நடந்த எல்லாவற்றிலும் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு மின்னஞ்சல்தான்.

அந்த வார இறுதியில் பாஸ்புக் பதிவு செய்தபோது திங்கள் இரவில் 5,000 ரூபாயும், புதன்கிழமை அதிகாலையில் இரண்டு தவணைகளாகப் பெருந்தொகையும் யுபிஐ வழியே போயிருந்தது தெரிந்தது. நடந்த விதம் எளிமையானது. சிம்மை வேறு கைப்பேசியில் போட்டால் யுபிஐ செயலி அந்த எண்ணோடு இணைந்த கணக்கைக் கண்டுபிடித்துவிடும். கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும், காலாவதி மாதமும், அதே சிம்முக்கு வரும் ஓடிபியும் இருந்தால் புதிய யுபிஐ பின் அமைத்துவிடலாம். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். எங்கள் கணக்கில் கேட்கவில்லை. புதிதாகப் பதிவான கைப்பேசிக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய் வரம்பு இருப்பதால்தான் அன்றிரவு அதோடு நின்றது. பணம் எடுத்ததற்கான எஸ்எம்எஸ் எல்லாம் திருடனின் கைக்கே போயின. கார்டை மட்டுமாவது திங்களன்று முடக்கியிருந்தால், அதைக் கொண்டு பின் அமைத்திருக்க முடியாது.

கிளையில் விசாரித்தபோது, படிவத்தை வியாழக்கிழமைதான் ஏற்றியதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பதிவேற்ற வேண்டும், இன்னொரு அதிகாரி அதை அங்கீகரிக்க வேண்டும். அந்த அதிகாரி விடுப்பில் இருந்தாராம். அப்படியிருந்தும், சரியான ஓடிபியும் பின்னும் கொடுத்துச் செய்த பரிவர்த்தனை என்பதால் வங்கிக்குப் பொறுப்பில்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

இந்தப் பதிலைப் பார்த்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், தகவல் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சேரும் என்று இருக்கிறது. கார்டு போன்றவை தொலைந்ததைத் தெரிவிக்கக் கணக்குள்ள கிளையிலும் வழி இருக்க வேண்டும், புகார் எண்ணோடு உடனடி ஒப்புகை தர வேண்டும், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பணம் போனது தெரிந்த அன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்திருந்தோம். அந்தப் புகார் எண்ணையும், முதல் பணம் போவதற்குச் சில மணி நேரம் முன்பே சென்றிருந்த மின்னஞ்சலையும் இணைத்து மீண்டும் எழுதினோம். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காததால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் முறையிட்டோம். அதன் பிறகுதான் வங்கி முழுத் தொகையையும் கணக்கில் வரவு வைத்தது.

உங்கள் பெயரிலேயே சிம் இருந்து டூப்ளிகேட் கிடைத்துவிட்டால் வங்கியில் எண்ணை மாற்றவே தேவையில்லை. அதுவே சிறந்த வழி. ஆனால் புதிய சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. பாதுகாப்புக்காகச் செய்திருக்கும் ஏற்பாடு அது. ஓடிபி வரவில்லையே என்று பதறி, இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு "கஸ்டமர் கேர்" எண்ணை அழைத்துவிடாதீர்கள்.

எண்ணை மாற்றத்தான் வேண்டும் என்றால், வாய்மொழி உறுதியை நம்பாமல், படிவத்தின் இரண்டாவது நகலில் தேதி, நேரத்தோடு கிளை முத்திரை வாங்குங்கள்; மறுத்தால் வீடு திரும்பும் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எண் மாறும் வரை கார்டையும் யுபிஐயையும் முடக்கி வைக்கும்படி தனிக் கடிதம் கொடுங்கள். மாறிவிட்டதாக அவர்கள் சொன்ன பிறகு, இருப்புத் தொகை அறியும் மிஸ்டு கால் எண்ணைப் பாஸ்புக்கிலிருந்தோ கிளையிலிருந்தோ பெற்று, புதிய எண்ணிலிருந்து அழைத்துப் பாருங்கள். இருப்பு விவரம் வந்தால் எண் ஏறிவிட்டது என்று பொருள். அம்மாவுக்குப் புதிய எண்ணில் இருப்பு வந்தபோதும் பணம் எடுத்ததற்கான எஸ்எம்எஸ் வரவில்லை. அந்த வசதிக்கான பதிவில் பழைய எண்ணே கிடந்தது. ஆகவே கவுண்டரில் ஒரு சிறு தொகையை எடுத்து, எஸ்எம்எஸ் எந்தக் கைப்பேசிக்கு வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆதாரில் பழைய எண் இருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். கார்டு இல்லாமல் ஆதார் ஓடிபியைக் கொண்டே யுபிஐ பின் அமைக்கும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது. ஆதார் சேவை மையத்தில் எண் மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை. உரியவர் நேரில் சென்று கைரேகை வைத்தால் போதும். தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.