நடைபாதையோடு நின்றுவிட்ட சோபா

லைப்சிக்கில் நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. ஜெர்மன் இணையக் கடை ஒன்றில் 599 யூரோவுக்கு ஒரு சோபா வாங்கினேன், அனுப்புக் கூலி தனியாக 49 யூரோ. விநியோக நிபந்தனைகளில் "frei Bordsteinkante" என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்துவிட்டேன். அதற்கு 'நடைபாதை விளிம்பு வரை' என்று பொருள். 2025 மார்ச் 3, திங்கள்கிழமை, லாரிக்காரர் சோபாவை வாசலுக்கு வெளியே இறக்கினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரைப் பிடித்து மேலே ஏற்ற 80 யூரோ ஆனது.

உட்கார்ந்து பார்த்தால் பலகைபோல் இருந்தது. புதன்கிழமை கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கவலை வேண்டாம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்றார் ஒரு பெண்மணி. யாரும் வரவில்லை. இந்த இனிமையான பதிலை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று விலகும் உரிமை, பொருள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து எண்ணினால் 14 நாள்தான். எனக்கு மார்ச் 17 நள்ளிரவோடு முடிந்திருக்கும். வாய்ச்சொல்லும் சட்டப்படி செல்லும், ஆனால் சொன்னோம் என்று நிரூபிக்க வேண்டியவர் நாம்தான். பேசாமல் பொருளை மட்டும் திருப்பி அனுப்பினாலும் அது விலகலாகாது. நல்லவேளையாக 14ஆம் தேதி ஆர்டர் எண்ணைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்:

"Hiermit widerrufe ich den Vertrag." அதாவது, 'இதன்மூலம் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்.'

காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை.

அடுத்த அடி பதில் மின்னஞ்சலில் வந்தது: அசல் அட்டைப்பெட்டி இல்லாமல் எடுக்க மாட்டோம், திரும்ப ஏற்றிச்செல்ல 189 யூரோ. பெட்டியைக் கிழித்து எறிந்து பத்து நாளாகியிருந்தது. வயிற்றைக் கலக்கியது.

அன்றிரவுதான் நிபந்தனைகளில் விலகல் உரிமையை விளக்கும் "Widerrufsbelehrung" பகுதியை வரிவரியாகப் படித்தேன். திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவருடையது என்று மட்டும் இருந்தது, தொகை இல்லை. சாதாரண அஞ்சலில் போகாத பாரப் பொருளுக்கு அது போதாது. செலவு இவ்வளவு என்றோ, கணக்கிட இயலாவிட்டால் அதிகபட்சம் இவ்வளவு ஆகலாம் என்றோ முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்தச் செலவு கடையின் தலையில். அசல் பெட்டியை நிபந்தனையாக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. நுகர்வோர் ஆலோசனை மையத்திலும் இதையே உறுதிசெய்தார்கள். இரண்டையும் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு, 'நல்லெண்ண அடிப்படையில்' இலவசமாக எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். நல்லெண்ணமாம்!

பணம் உடனே வரவில்லை. பொருள் திரும்பி வரும்வரை அல்லது அனுப்பியதற்கு நாம் சான்று காட்டும்வரை கடை பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கடையே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால் அது பொருந்தாது. ஏப்ரல் நடுவில் சோபாவை எடுத்துப்போனார்கள். முதலில் 599 மட்டும் வந்தது. சாதாரண அனுப்புக் கூலியையும் திருப்பித் தர வேண்டும் என்று இன்னொரு மின்னஞ்சல் போட்ட பிறகே மீதி 49 வந்தது. மாடி ஏற்றிய 80 யூரோ போனது போனதுதான்.