`=` போடலாமா, `<=` போடலாமா: கிளாக் பிளாக்கில் நான் ஏன் ஒரு பக்கம் சாய்கிறேன்

வெரிலாக்கில் ஒரு ரெஜிஸ்டருக்கு மதிப்புக் கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. `=` பிளாக்கிங், அந்த இடத்திலேயே மாற்றிவிடும், அடுத்த வரி புது மதிப்பைத்தான் பார்க்கும். `<=` நான்-பிளாக்கிங், வலப்பக்கத்தை அப்போதே கணக்கிட்டு வைத்துக்கொண்டு இடப்பக்கத்தைப் பிறகு மாற்றும். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் டீமில் இதற்கு ஒரு விதி எழுத வேண்டி வந்தபோது கிளாக் பிளாக்குகளில் `<=` மட்டும் என்று முடிவு செய்தோம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் என்னைப் பொறுத்தவரை முக்கியக் காரணம் இல்லை.

வழக்கமான காரணம் இது. ஒரே `always` பிளாக்குக்குள் `q1 = d; q2 = q1;` என்று எழுதினால் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கிடைக்காது, இரண்டுமே `d`-யைப் பிடித்துக்கொள்ளும். உண்மைதான், ஆனால் சிந்தசிஸ் கருவியும் அதை அப்படியேதான் புரிந்துகொள்ளும். சிமுலேஷனில் தப்பு, போர்டிலும் அதே தப்பு. முதல் டெஸ்டிலேயே மாட்டிவிடும் தப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சிமுலேஷன் ஒன்று சொல்லி ஹார்ட்வேர் இன்னொன்று செய்யும் சிக்கல், அதே இரண்டு வரியைத் தனித்தனி பிளாக்காகப் பிரிக்கும்போது வருகிறது:

```verilog
always @(posedge clk) q1 = d;
always @(posedge clk) q2 = q1;
```

கிளாக் ஏறுவதற்கு முன் `d` 1, `q1`, `q2` இரண்டும் 0 என்று வைத்துக்கொள்வோம். கிளாக் ஏறியதும் இரண்டு பிளாக்கும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. சிமுலேட்டர் மேலே உள்ளதை முதலில் ஓட்டினால் `q1` 1 ஆகிவிடும், பின்னால் வரும் `q2`-வும் அந்தப் புது மதிப்பைப் படித்து அதே எட்ஜில் 1 ஆகிவிடும். கீழே உள்ளதை முதலில் ஓட்டினால் `q2` பழைய 0-வைப் படிக்கும், 1 ஆவதற்கு இன்னொரு கிளாக் வேண்டும். எது முதலில்? IEEE 1364 தரநிலை ஒரு `begin`-`end`-க்குள் வரிகளின் வரிசைக்கு உத்தரவாதம் தருகிறது, ஆனால் தனித்தனி பிளாக்குகளுக்கு இடையே எந்த வரிசையும் விதிக்கவில்லை. சிமுலேட்டர் தன் விருப்பப்படி ஓட்டலாம், இரண்டுமே சரியான விடைதான். இதைத்தான் ரேஸ் என்கிறோம்.

சிந்தசிஸுக்கு இந்தக் கேள்வியே எழாது. எட்ஜில் மாறும் இரண்டு வேரியபிள், அதனால் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப், ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு. போர்டில் எப்போதும் இரண்டு கிளாக் தாமதம், சிமுலேஷனில் ஒன்றாகவும் இருக்கலாம் இரண்டாகவும் இருக்கலாம். டேட்டா ஒரு பிளாக்கிலும் அதற்கான வேலிட் சிக்னல் இன்னொரு பிளாக்கிலும் இருந்தால், சிமுலேஷனில் ஜோடியாக வந்தவை போர்டில் ஒரு கிளாக் தள்ளிப்போகும். இதில் மோசமானது என்னவென்றால், நல்ல வரிசை தற்செயலாக அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும், அப்புறம் யாரோ ஃபைல்களின் வரிசையை மாற்றுவார்கள் அல்லது சிமுலேட்டரின் வெர்ஷன் மாறும், கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் ரிசல்ட் மாறும்.

`<=` இதை அடியோடு தீர்ப்பது எப்படி என்றால், சிமுலேட்டர் ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் முதலில் ஆக்டிவ் வேலைகள் எல்லாவற்றையும் முடிக்கிறது, அவை காலியான பிறகுதான் நான்-பிளாக்கிங் மாற்றங்களைக் கையில் எடுக்கிறது. `q1 <= d`, `q2 <= q1` இரண்டின் வலப்பக்கமும் ஆக்டிவ் கட்டத்திலேயே படிக்கப்பட்டுவிடும், அந்தக் கட்டத்தில் எந்த ரெஜிஸ்டரும் இன்னும் மாறியிருக்காது. யார் முதலில் ஓடினாலும் படிப்பது பழைய மதிப்பு. ஃபிளிப்-ஃபிளாப் செய்வதும் இதுதான், அதனால் போர்டும் சிமுலேஷனும் ஒத்துப்போகும்.

சந்தேகம் வந்தால் வேவ்ஃபார்மைப் பாருங்கள்: `d`-யைப் பிடிக்கும் `q1`, `q1`-ஐப் பிடிக்கும் `q2` இரண்டும் ஒரே எட்ஜில் ஏறினால் கோளாறு இங்கேதான். எவ்வளவு ஸூம் செய்தாலும் இடைவெளி தெரியாது, ஏனென்றால் சிமுலேஷன் நேரம் நகரவே இல்லை. இரண்டு பிளாக்கையும் மேலும் கீழுமாக மாற்றி வைத்து மறுபடி ஓட்டுவது எனக்குப் பிடித்த சோதனை. ரிசல்ட் மாறினால் ரேஸ் இருக்கிறது என்பது உறுதி, மாறாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. அதைவிடச் சோம்பேறித்தனமான வழி `verilator --lint-only -Wall`, கிளாக் பிளாக்கில் `=` இருந்தால் `BLKSEQ` என்று எச்சரிக்கும்.

சரி, `=`-க்கு வேலையே இல்லையா? இருக்கிறது, காம்பினேஷனல் லாஜிக் அதனுடைய இடம். அங்கே `<=` போட்டால் கதை தலைகீழாகிவிடும்:

```verilog
always @(a or b or c) begin
  t <= a & b;
  y <= t | c;
end
```

`y` பழைய `t`-யைப் படிக்கும், `t` மாறும்போது பிளாக் மறுபடி விழிக்காது, ஏனென்றால் எது மாறினால் விழிக்க வேண்டும் என்று `@`-க்குப் பின் கொடுத்த லிஸ்டில் `t` இல்லை. சிந்தசிஸ் அந்த லிஸ்டைப் பொருட்படுத்தாமல் இரண்டு கேட் போட்டுவிடும். `@(*)` எழுதினால் இரண்டாம் சுற்றில் சரியாகிவிடும், ஆனாலும் வீண் சுற்று எதற்கு? கிளாக் பிளாக்குக்குள்ளேயே லூப்பில் ஒரு தற்காலிகக் கூட்டல் இருந்தால் அதற்கும் `=` வேண்டும், வெளியே யாரும் அந்த வேரியபிளைப் படிக்காதவரை.

விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் கடிக்கும் இடமும் ஒன்று உண்டு, கிளாக்கைப் பாதியாக்குவது. `clk2 <= ~clk2` என்று எழுதினால் `clk2` ஏறுவதே நான்-பிளாக்கிங் கட்டத்தில்தான், அதே கட்டத்தில்தான் `clk`-இல் ஓடும் `q1`-உம் மாறுகிறது. `clk2`-வுக்கு விழிக்கும் பிளாக் `q1`-ஐப் படிப்பதற்குள் அது பெரும்பாலும் புது மதிப்புக்கு வந்திருக்கும், மறுபடி ஒரு கிளாக் முன்னால். இங்கே `clk2 = ~clk2` என்பதே சரி, எட்ஜ் ஆக்டிவ் கட்டத்திலேயே வந்துவிடும், `q1` இன்னும் பழையதாகவே இருக்கும். நான் வேலை செய்வது எஃப்.பி.ஜி.ஏ.வில், அங்கே கிளாக்கைப் பிரிக்காமல் எனேபிள் சிக்னல் வைத்துக்கொள்வேன், அதனால் இந்தச் சிக்கல் எனக்கு அபூர்வம். சிப் டிசைனில் கிளாக் கேட்டிங்கோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்கள் இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்வார்கள்.

டெஸ்ட்பெஞ்சையும் மறந்துவிடக் கூடாது. டிசைன் முழுக்க `<=` இருந்தாலும் டெஸ்ட்பெஞ்ச் `@(posedge clk); d = 1;` என்று எழுதியிருந்தால் மேலே பார்த்த அதே ரேஸ் வாசலிலேயே நிற்கிறது, முதல் ஃபிளிப்-ஃபிளாப் 0-வைப் பிடிக்குமா 1-ஐப் பிடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. `d <= 1` என்று மாற்றினால் போதும், அல்லது `negedge`-இல் மாற்றுங்கள். இரண்டாவது வழியில் வேவ்ஃபார்ம் பார்க்கவும் சுலபம்.