மண்டப பிரோஷரில் ‘எல்லாம் சேர்த்து’ என்று இருந்தால், முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் கடைவீட்டு மாடிகளில் நடக்கும் சிறு கல்யாண மண்டபங்களில் நாள் குறிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அப்படி ஒரு மண்டபத்தில் பெண்வீட்டார் ஒருவர் 12,900 வெள்ளிக்குப் பேசி, கடைசியில் 19,842 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தார்கள். பிரோஷர், ஒப்பந்தம், கடைசி பில் மூன்றையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தால், பணம் எந்தெந்த இடத்தில் ஏறியது என்பது நன்றாகவே தெரிகிறது. மண்டபத்தின் பெயரை எழுதவில்லை. இதே வாசகங்களை வேறு மண்டபங்களும் அச்சடித்துக் கொடுக்கின்றன.

பிரோஷரில் இருந்தது இவ்வளவுதான்: “300 பேருக்கு உணவு, மண்டபம், மணவறை எல்லாம் சேர்த்து 12,900 வெள்ளி. நாள் முழுவதும் மண்டபம் உங்களுடையது. எங்கள் வீட்டுக் கல்யாணம் போல் உடனிருந்து நடத்தித் தருவோம்.” படிக்க நன்றாக இருக்கிறது. தலைக்கு 43 வெள்ளி என்பது கட்டுப்படியாகும் விலையும்கூட. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றாவது ஒப்பந்தத்தில் அப்படியே ஏறவில்லை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். அதிகமாக ஏமாறுவது இங்கேதான். ‘நாள் முழுவதும்’ என்று பிரோஷரில் இருந்தது, ஒப்பந்தத்தில் ‘காலை வேளை, 7 மணி முதல் 2 மணி வரை’ என்று மாறியிருந்தது. ஏழு மணி நேரம் தாராளமாகப் போதுமே என்று தோன்றும். முகூர்த்தம் காலை 9 மணிக்கு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஐயர் ஏழரைக்கெல்லாம் ஹோமத்துக்கு உட்கார வேண்டும். உறவினர்கள் ஏழு மணியிலிருந்தே வரத் தொடங்குவார்கள். அப்படியானால் அவர்கள் வரும்போது மணவறை தயாராக இருக்க வேண்டும். அசல் பூ வைத்து மணவறை கட்டப் பல மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் அது முடியவே முடியாது. முந்தைய இரவே மண்டபம் வேண்டும். காலை முகூர்த்தங்களை வருஷம் முழுக்க நடத்துகிற மண்டபக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் ‘முந்தைய இரவுத் திறப்பு, மணிக்கு 200 வெள்ளி’ என்ற வரி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இரவு 8 முதல் 12 வரை திறந்ததற்கு 800 வெள்ளி.

முடிவு நேரத்திலும் இதே கதைதான். 2 மணி என்பது விருந்தினர் கிளம்பும் நேரம் இல்லை. மணவறையைப் பிரித்து, பூவைக் கூட்டி அள்ளி, சாமான்களை லாரியில் ஏற்றி, மண்டபத்தைத் திரும்ப ஒப்படைக்கும் நேரம் அது. பிரிக்க மட்டும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக விருந்து பன்னிரண்டரைக்குள் முடிய வேண்டும். அந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே சமயத்தில் 120 பேர்தான் உட்கார முடியும். 300 பேர் என்றால் மூன்று பந்தி. பந்திக்கு 40 நிமிடம் என்று வைத்தால், இடையில் மேசை துடைப்பதையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். தாலி கட்டி, ஆசி வழங்கல் முடிந்து 11 மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தாலும் கடைசிப் பந்தி ஒன்றரைக்குத்தான் எழுந்திருக்கும். நேரம் தாண்டும் என்பது முன்பணம் கட்டிய அன்றே முடிவாகிவிட்ட விஷயம். அன்றைக்கு ஒரு மணி 40 நிமிடம் தாண்டியது. அதை இரண்டு மணி நேரமாக்கி, மணிக்கு 300 வீதம் 600 வெள்ளி போட்டார்கள்.

எனவே மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது அலங்காரத்தைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், சாப்பாட்டுக் கூடத்தின் நாற்காலிகளை எண்ணுங்கள். அந்த எண்ணால் உங்கள் விருந்தினர் தொகையை வகுத்தால் எத்தனை பந்தி என்று தெரிந்துவிடும். அதை வைத்துச் சாவி கைக்கு வரும் நேரத்தையும் ஒப்படைக்கும் நேரத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்து விலை கேளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. பிரோஷர் ‘300 பேர்’ என்றது. ஒப்பந்தமோ ‘300 தட்டு’ என்றது. பஃபேயில் இந்த இரண்டும் ஒன்றல்ல. காலையில் கேசரி, வடை, தேநீருக்கு ஒரு தட்டு எடுத்தவர் மதியம் இன்னொன்று எடுப்பார். இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளப் போகிறவர் எச்சில் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் புதுத் தட்டு எடுப்பார். பிள்ளைகள் ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டு வேறு தட்டுக்கு ஓடும். வந்தவர்கள் 300 பேருக்குள்தான் என்று வாசலில் மொய் எழுதியவர்கள் சொல்கிறார்கள். மண்டபம் 346 தட்டுக்குக் கணக்கு எழுதியது. கூடுதல் 46 தட்டு, தட்டுக்கு 43 வீதம் 1,978 வெள்ளி. ஒரே ஒரு வடை வைத்த தட்டுக்கும் 43 வெள்ளிதான்.

இதைத் தடுக்க வழி உண்டு. காலைப் பலகாரத் தட்டுகள் கணக்கில் வராது என்று எழுதி வாங்குங்கள். மதியத் தட்டுகள் 50, 50 ஆகக் கட்டியிருக்கும். பரிமாறத் தொடங்குமுன் கட்டுகளை உங்கள் வீட்டு ஆள் ஒருவரும் மண்டபத்து ஆளும் சேர்ந்து எண்ணி, தாளில் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்ததும் பிரிக்காத கட்டுகளை மறுபடி எண்ண வேண்டும். பந்தியில் உட்காரவைத்து வாழையிலையில் பரிமாறினால் இந்தத் தகராறே கிடையாது. ஓர் இலை என்றால் ஒரு ஆள், யாரும் இரண்டாம் இலை கேட்பதில்லை. பரிமாற ஆள்கூலி கொஞ்சம் கூடினாலும் கணக்கு நேராக இருக்கும்.

பில்லின் அடியில் இன்னும் இரண்டு வரிகள்: 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 1,290 வெள்ளி, 6 விழுக்காடு சேவை வரி 774 வெள்ளி. பிரோஷரில் 12,900க்குப் பக்கத்தில், கட்டணமும் வரியும் தனி என்று காட்டும் ‘++’ குறி, பூ வேலைப்பாட்டோடு கலந்து கண்ணில் படாத மாதிரி இருந்தது. ‘எல்லாம் சேர்த்து’ என்று அச்சடித்துவிட்டு அந்தக் குறியையும் போடுவது அநியாயம். சேவைக் கட்டணமும் சேவை வரியும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சேவைக் கட்டணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. அது மண்டபம் தானாகப் போட்டுக்கொள்ளும் கட்டணம், பேசிக் குறைக்கலாம். சேவை வரியைப் பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே வசூலிக்க முடியும். உணவு, பானச் சேவைக்கு ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சிறு மண்டபங்கள் பல அந்த அளவை எட்டுவதில்லை. பதிவு பெற்றவர்களின் பில்லில் சேவை வரி எண் இருக்க வேண்டும், அந்த எண் உண்மைதானா என்று சுங்கத் துறையின் MySST பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். இந்த பில்லில் எண்ணே இல்லை. வெளி அலங்காரக்காரரைக் கூட்டிவந்ததற்கும் அவருடைய விளக்குகளுக்கான மின்சாரத்துக்கும் சேர்த்து 850 வெள்ளி வேறு.

‘எங்கள் வீட்டுக் கல்யாணம் போல் உடனிருப்போம்’ என்ற வரிக்கு வருவோம். “அக்கா, கவலையே படாதீங்க, எல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்று சொன்ன நிர்வாகி கல்யாணத்தன்று அங்கே இல்லை. அதே நாள் இன்னோர் இடத்தில் அவருக்கு வேறு நிகழ்ச்சி. மண்டபத்தில் இருந்தது துப்புரவுத் தொழிலாளர்கள் இருவர். விளக்குகளும் ஏர்கோனும் ஒன்றாக ஓடியதில் மின்சாரம் துண்டித்தது. சுவிட்ச் பெட்டி அறையின் சாவி அவர்களிடம் இல்லை. ஹோமப் புகையோடு மூடிய கூடத்தில் முதியவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாசமான பேச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அன்றைக்குப் பொறுப்பாளர் யார், அவர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மண்டபத்தில் இருப்பார், சுவிட்ச் பெட்டிச் சாவி யார் கையில் இருக்கும். அலங்காரக்காரர் எத்தனை விளக்கு கொண்டுவருகிறார் என்பதையும் மண்டபத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1,000 வெள்ளி பாதுகாப்பு வைப்புத்தொகையில் 650ஐ ‘கம்பளத்தில் மஞ்சள் கறை’ என்று பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள், குங்குமம், குத்துவிளக்கு எண்ணெய், தேங்காய் உடைத்துக் கீறிய ஓடு இவைதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். சாவி வாங்கும் இரவே தரையையும் சுவரையும் தேதியோடு வீடியோ எடுத்து, அங்கேயே மண்டபத்தாரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். மணவறைக்கும் குத்துவிளக்குக்கும் அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போடச் சொல்லுங்கள். இந்தக் குடும்பத்திடம் தற்செயலாக ஒரு வீடியோ இருந்தது. மணவறை கட்டுமுன் பூக்காரர் எடுத்தது. அதில் அதே கறை, அதே இடத்தில் தெரிகிறது.

நியாயமாக நடத்தும் சிறு மண்டபங்கள் நகரில் இருக்கின்றன. அவர்களுடைய பிரோஷர் வேறு மாதிரி பேசும்: “முந்தைய இரவு 8 மணிக்குச் சாவி, மறுநாள் மாலை 4 மணிக்கு ஒப்படைப்பு. ஒரே பந்தியில் 120 பேர். உணவு தலைக்கு இவ்வளவு, கணக்கு இலைப்படி. வேறு கட்டணம் இவை மட்டும்.” கார் நிறுத்தம் பற்றியும் ‘விசாலமான வசதி’ என்று பொதுவாகச் சொல்லாமல், மண்டபத்துக்குச் சொந்தமாக எத்தனை இடம், மீதிப் பேர் மாநகராட்சிக் கட்டண இடங்களில் எங்கே நிறுத்தலாம் என்று எழுதியிருப்பார்கள்.

பிரோஷரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் இரு பக்கத்தையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, ‘இணைப்பு 1, இதில் உள்ளவை ஒப்பந்தத்தின் பகுதி’ என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் தொகைவாரியாக ஒரு கடிதம் எழுதி, பதில் தர 14 நாள் கொடுங்கள். இந்தக் குடும்பம் அப்படி எழுதியதில் சேவை வரி 774 வெள்ளியும் வைப்புத்தொகை 650 வெள்ளியும் திரும்பி வந்தன. முதலாவதுக்கு மண்டபத்திடம் பதிவு எண் இல்லை, இரண்டாவதுக்கு இவர்களிடம் வீடியோ இருந்தது. மற்றவற்றுக்கு மண்டபம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டுகிறது. அந்தத் தொகைக்காக மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழக்குத் தொகை 50,000 வெள்ளி வரை இருக்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதைத் தடை செய்கிறது. ‘எல்லாம் சேர்த்து’ என்று அச்சான அந்த பிரோஷரின் அசல், பணம் கட்டிய ரசீதுகள், நிர்வாகியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.