பட்டை வரைபடத்திலிருந்து எண்கள்: பெயிண்டா, WebPlotDigitizer-ஆ?

சுங்கை சிப்புட்டில் செம்பனை நிலம் வைத்திருக்கும் என் மாமா, புலனத்தில் ஒரு திரைப்பிடிப்பு அனுப்பினார். மாதவாரியாக விற்ற பழக்குலைகளின் எடை, பன்னிரண்டு பட்டைகளாக இருந்தது. மூல எண்கள் யாரிடமும் இல்லை. அவை ஒரு CSV கோப்பாக வேண்டும் என்றார். மூன்று வழிகளில் செய்து பார்த்தேன்.

கண்ணால் மதிப்பிடுவது வேகமானது. ஆனால் கோடுகள் 10 டன்னுக்கு ஒன்றாக இருந்ததால் 2, 3 டன் தவறியது. மாதங்களை ஒப்பிட அது போதாது.

அடுத்து பெயிண்ட். சுட்டியை நகர்த்தினால் அது நிற்கும் புள்ளியின் இடம் கீழே எண்ணாகத் தெரியும். உயரத்தை மேலிருந்து கீழாக எண்ணும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 0 டன் கோடு 512-இலும், 100 டன் கோடு 112-இலும் இருந்தன. இடையில் 400 புள்ளி, அதாவது டன்னுக்கு 4. ஜனவரிப் பட்டையின் உச்சி 206. ஆக, 306-ஐ 4-ஆல் வகுத்தால் 76.5 டன். எக்செலில் உச்சிகளை B நெடுவரிசையில் இட்டேன்:

```
=(512-B2)/4
```

இங்கே ஒரு சோதனை அவசியம். 50 டன் கோடு 312-இல் இருக்க வேண்டும், இருந்தது. விலகியிருந்தால் கோட்டைத் தவறாகப் படித்திருப்போம், அல்லது அச்சே சீராக இல்லை என்று பொருள். அச்சு 0-இலிருந்து தொடங்காமல் 40-இலிருந்து தொடங்கும் படங்களும் உண்டு. அங்கே பட்டையின் அடி 0 என்று எடுத்தால் எல்லாமே கெடும்.

மூன்றாவது, வரைபடப் படங்களிலிருந்து எண்களை எடுக்கும் மென்பொருளான WebPlotDigitizer. அதில் `2D Bar Plot` தேர்ந்து, அச்சில் இரண்டு இடங்களைச் சொடுக்கி மதிப்புகளைக் கொடுத்தால் கணக்கை அதுவே செய்துவிடும். நிறத்தை வைத்துத் தானாகப் பட்டைகளைத் தேடவும் செய்யும். ஆனால் பட்டைக்கு நெருங்கிய நிறத்தில் கோடுகள் இருந்தால் தடுமாறும். எனக்கு இரண்டு மாதங்கள் தவறாக வந்தன, கையால் சொடுக்கித் திருத்தினேன். ஐம்பது, நூறு பட்டை என்றால் இதுதான் சரி. பன்னிரண்டுக்கு எனக்குப் பெயிண்டே பிடித்தது, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிகிறது.

இரண்டிலும் துல்லியத்துக்கு எல்லை படம்தான். புலனம் படத்தைச் சுருக்குவதால் பட்டையின் விளிம்பு இரண்டு, மூன்று புள்ளிக்கு மங்கிவிடுகிறது. மங்கலின் நடுவை எடுத்தாலும் ஏறக்குறைய அரை டன் பிழை இருக்கும். அதனால் 76.53 என்று எழுதுவது பொய்த் துல்லியம். படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னால் இந்த மங்கல் வராது.

சேமிக்கும்போது `CSV UTF-8` தேர்ந்தெடுங்கள். வெறும் CSV என்றால் தமிழ் மாதப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

```
மாதம்,டன்
ஜனவரி,76.5
பிப்ரவரி,61.0
மார்ச்,58.5
```

கோப்பின் பெயரிலேயே 'மதிப்பீடு' என்று சேர்த்து மாமாவுக்கு அனுப்பினேன்.