மூன்று வருடக் கடலெண்ணெயும் ஒரு பழுதான அடுப்பும்

பட்டர்வொர்த்தில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: “அக்கா, தினசரிச் சமையலுக்கு எந்த எண்ணெய் வாங்கலாம்?” கேட்ட நேரம் சரியில்லை. முதல் நாள்தான் ஆள் வந்து என் கேஸ் அடுப்பின் பர்னரை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அதை அடைத்தது நான் விரும்பி வாங்கும் செக்குக் கடலெண்ணெய்.

மூன்று வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். தாளிப்புக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதற்கு ஈடே கிடையாது. கடுகு வெடிப்பதற்கு முன்பே வீடெல்லாம் கடலை வாசம் வந்துவிடும்.

ஆனால் பொரிக்கும்போது பொங்குகிறது. மசால் வடைக்கு வழக்கம்போல் முக்கால் வாணலி எண்ணெய் ஊற்றி ஐந்து வடை போட்டேன். இங்கே சமையல் எண்ணெய் என்று பாக்கெட்டில் விற்கும் பாமாயிலில் வருவது பெரிய குமிழி, வந்ததும் உடைந்துவிடும். இதில் பால் நுரை போலப் பொடிப்பொடியாக எழும்பி, அடங்காமல் விளிம்பைத் தாண்டி வழிந்தது. செக்கில் ஆட்டி வடிகட்டுவதோடு விட்டுவிடுவதால் கடலையின் கோந்து எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. மாவின் ஈரம் ஆவியாகும்போது அந்தக் கோந்து குமிழியை உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ரீஃபைண்டு எண்ணெயில் ஆலையிலேயே அதை நீக்கிவிடுவார்கள்.

அப்புறம் அரை வாணலிக்கு மேல் ஊற்றுவதில்லை. அம்மா சொன்னபடி, காய்ந்த எண்ணெயில் சுண்டைக்காய் அளவு புளியைப் போட்டு, அது கறுத்ததும் எடுத்துவிடுவேன். பிறகு இரண்டிரண்டு வடைதான். நுரை குறைகிறது, முழுக்க நிற்பதில்லை. ஒருமுறை பொரித்த எண்ணெய் என்றால் இன்னும் மோசம். சனிக்கிழமை அவசரத்தில் அதில்தான் பொரித்தேன், பர்னர் போனது.

பினாங்கு வெயிலுக்கு இது சீக்கிரம் காறிவிடவும் செய்கிறது. அடுப்புக்கு அருகில் வைத்த பாட்டில், பழங்கடலையைக் கடித்த மாதிரி தொண்டையில் கசந்தது. இப்போது அரை லிட்டர்தான் வாங்கி அலமாரிக்குள் வைக்கிறேன்.

தேங்காயெண்ணெய் அவியலுக்கும் கீரைக்கும் மட்டும். வத்தக்குழம்புக்கும் இட்லிப்பொடிக்கும் நல்லெண்ணெய்தான். குழம்பு வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் இறக்கலாம். லெபோ பாசாரில் இந்தியக் கடையில் கேட்டு வாங்குங்கள். பேரங்காடியில் கிடைக்கும் கருஞ்சிவப்பு எள்ளெண்ணெய் சீனச் சமையலுக்கானது, எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. தெரியாமல் அதை இட்லிப்பொடியில் ஊற்றினேன். தீய்ந்த எள் வாசம், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ருசி என்று கேட்டால் கடலெண்ணெய்க்குத்தான் முதலிடம். இருந்தும் தோழிக்கு, “சமையல் எண்ணெய் ஒரு பாக்கெட், நல்லெண்ணெய் அரை லிட்டர் வாங்கு, கடலெண்ணெய் வேண்டாம்” என்றுதான் பதில் அனுப்பினேன்.