ஃபீஸ் நோட்டீஸ் போட்டோவிலிருந்து தவணைக் கணக்கு: மூன்று கல்வியாண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

பள்ளி தரும் கட்டண நோட்டீஸைப் போட்டோ எடுத்து, கூகுள் லென்ஸில் எழுத்தைப் பிரித்து, கூகுள் ஷீட்ஸில் ஒட்டித் தவணையும் தாமதக் கட்டணமும் கணக்கிடும் முறை பற்றிய பகிர்வு இது. தொகைகளை இந்த முறையை நம்பி எடுக்கலாம், ஏனென்றால் தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க நோட்டீஸிலேயே மொத்தத் தொகை இருக்கிறது. தேதிகளுக்கு அப்படி ஒரு சரிபார்ப்பு கிடையாது. அவற்றைக் கையால்தான் தட்ட வேண்டும்.

ஓர் உதாரண நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் தவணைக்கு 12,000 வீதம் மூன்று தவணை. முதல் தவணையோடு புத்தகம் 4,500, ஆய்வகம் 1,500. ஆக முதல் தவணை 18,000, ஆண்டுக்கு 42,000. கடைசித் தேதிகள் 10/06/2025, 10/09/2025, 10/12/2025. தாமதமானால் முதல் பத்து நாளுக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய், அதன் பிறகு 25 ரூபாய்.

அறிவிப்புப் பலகைக் கண்ணாடிக்குள் இருக்கும் நோட்டீஸை நேராக நின்று எடுத்தால் விளக்கின் பிரதிபலிப்பு எண்களின் மேலேயே விழும். சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுப்பது நல்லது. மற்றொரு பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் எழுத்து தெளிவாக இருக்கும்.

லென்ஸிலிருந்து நகலெடுத்த எழுத்தில் அட்டவணையின் கட்டமைப்பு பெரும்பாலும் கலைந்துவிடும். தலைப்புகள் எல்லாம் ஓரிடத்தில், தொகைகள் எல்லாம் வேறிடத்தில் வந்து நிற்கும். வரிசைப்படுத்தி ஒட்டியதும் கூட்டிப் பாருங்கள். எதிர்பார்ப்பது 42,000. இங்கே விடையில் வரும் வித்தியாசமே தவறின் பெயரைச் சொல்லிவிடும். 70,000 கூடுதலாக வந்தால் ரூபாய்க் குறி 7 ஆகப் படிக்கப்பட்டு 4,500 என்பது 74,500 ஆகியிருக்கிறது. 1,500 என்பது 71,500 ஆனாலும் இதே வித்தியாசம்தான். சரியாக இரண்டு மடங்கு, 84,000 வந்தால் மொத்தம் என்ற வரியையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்கள். குறைவாக வந்தால் ஏதோ ஒரு தொகையில் "/-" ஒட்டிக்கொண்டிருக்கும். "4,500/-" என்பது ஷீட்ஸுக்கு எண் அல்ல, எழுத்து. SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்று காட்டாது. செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் தொகையே அடையாளம்.

அடுத்து தேதி. ஷீட்டின் Locale அமெரிக்காவாக இருந்தால் மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். மேலே உள்ள மூன்று தேதிகளும் அக்டோபர் 6, அக்டோபர் 9, அக்டோபர் 12 ஆகிவிடும். எதிலும் பிழைச் செய்தி வராது. ஜூனில் கட்ட வேண்டிய தவணைக்கு அக்டோபர் வரை தாமதம் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். File > Settings பகுதியில் Locale-ஐ India என்று மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே தவறாக ஏறிய தேதிகள் அதனால் திருந்தாது. மூன்றே தேதிதான் என்பதால் இப்படித் தட்டிவிடுவதே பாதுகாப்பு:

```
=DATE(2025,6,10)
```

A-யில் தவணை, B-யில் தொகை, C-யில் கடைசித் தேதி, D-யில் கட்டிய தேதி. E-யில் தாமத நாள், F-இல் தாமதக் கட்டணம்:

```
E2: =MAX(0,IF(D2="",TODAY(),D2)-C2)
F2: =MIN(E2,10)*10+MAX(E2-10,0)*25
```

D காலியாக இருந்தால் இன்றைய தேதி வரை எண்ணும். எனவே கட்டாத தவணையின் பாக்கி தினமும் ஏறுவது கண்ணில் படும்.

முதல் தவணையை ஜூன் 28 அன்று கட்டினால் தாமதம் 18 நாள். முதல் பத்து நாளுக்கு 100, மீதி எட்டு நாளுக்கு 200, ஆக 300 ரூபாய். ஆனால் "பத்து நாளுக்குப் பின் நாளொன்றுக்கு 25" என்ற வாசகத்தை, பத்து நாள் தாண்டினால் முதல் நாளிலிருந்தே 25 என்று கணக்கிடவும் இடமிருக்கிறது. அப்போது 18 நாளுக்கு 450. சூத்திரத்தால் தீர்க்க முடியாத இடம் இது. பள்ளி அலுவலகத்தில் ஒரு தேதியைச் சொல்லி, அன்று கட்டினால் எவ்வளவு என்று கேட்டு, வரும் தொகையை F-உடன் ஒப்பிடுவதுதான் வழி. அப்படிக் கேட்கும் தேதி கெடுவிலிருந்து பத்து நாளைத் தாண்டியதாக இருக்க வேண்டும். பத்து நாளுக்குள் இரண்டு கணக்கும் ஒரே விடைதான் தரும்.

அடுத்த ஆண்டுக்கு ஷீட்டை அப்படியே நகலெடுக்கலாம், D நிரலை மட்டும் மறக்காமல் காலி செய்ய வேண்டும். பழைய தேதி தங்கிவிட்டால் அது புதிய கெடுவுக்கு முந்தையது என்பதால் தாமதம் எப்போதும் பூஜ்யம்தான். ஆண்டின் நடுவில் கெடு நீட்டித்துச் சுற்றறிக்கை வந்தால் C-யில் புதிய தேதியைப் போட்டு, பழையதை G-யில் வைத்திருங்கள். ரசீதில் பழைய கெடுவின்படி தாமதக் கட்டணம் போட்டிருந்தால், எந்தத் தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது அதை வைத்துத்தான் பிடிபடும்.